உப்பு வரி காணாமல் போன குறிப்புகள்: வலைப்பக்க உரையைச் சுத்தம் செய்த அனுபவங்கள்

வைகைக்கரை

சென்ற ஆண்டு ஒரு சமையல் தளத்திலிருந்து ஏறத்தாழ 3,000 பக்கங்களை, தள உரிமையாளரின் அனுமதியோடு, ஒரு சொல் தொகுப்புக்காக எடுத்தேன். பக்கம் முழுவதையும் `get_text("\n")` கொண்டு வரிகளாகப் பிரித்தேன். ஒவ்வொரு வரியும் எத்தனை பக்கங்களில் வருகிறது என்று எண்ணி, 150 பக்கங்களுக்கு மேல் வரும் வரிகளையெல்லாம் நீக்கினேன். முகப்பு, எங்களைப் பற்றி, பகிர்க, பதிப்புரிமை ஆகிய அனைத்தும் ஒரே ஓட்டத்தில் மறைந்துவிட்டதால், வேலை முடிந்தது என்று நம்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, என் அம்மா அந்தக் கோப்பிலிருந்த வத்தக்குழம்புக் குறிப்பைப் படித்துவிட்டு, "இதில் உப்பே இல்லையே, தம்பி" என்றார். திறந்து பார்த்தேன். சுண்டைக்காய் வற்றலும் புளியும் சின்ன வெங்காயமும் அளவோடு இருந்தன. "உப்பு - தேவையான அளவு" என்ற வரி இல்லை. "கறிவேப்பிலை - சிறிதளவு" இல்லை. அடுத்த குறிப்பிலும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. ஆயிரக்கணக்கான பக்கங்களில் எழுத்து மாறாமல் வரும் வரி என்ற அளவில் அடிக்குறிப்பும் உப்பும் என் நிரலுக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கின்றன. செய்முறைப் பகுதியில் "உப்பு சேர்த்துக் கொதிக்க விடவும்" என்ற சொற்கள் ஒரு நீண்ட பத்தியின் நடுவே இருந்ததால் அவை மட்டும் தப்பின.

இன்றுவரை என்னை உறுத்துவது வேறொன்று. இடம் மிச்சமாகட்டும் என்று மூல எச்டிஎம்எல் கோப்புகளை அழித்துவிட்டிருந்தேன். மீண்டும் எடுக்கச் சென்றபோது தளம் வேறு வடிவமைப்புக்கு மாறியிருந்தது. பழைய குறிப்புகளில் ஒரு பகுதி அங்கு இல்லை. இதே போன்ற இழப்பைச் சந்தித்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

கணினிப்பித்தன்

நீங்கள் எண்ணிக்கையை நம்பியதுதான் தவறு. நான் சொற்பட்டியலை நம்புகிறேன். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஓர் ஐரோப்பியச் செய்தித் தளத்தின் தமிழ்ப் பக்கங்களை, ஜெர்மனியில் இருந்த ஒரு வாடகைச் சேவையகத்தின் வழியாக எடுத்தேன். நூற்றுக்கணக்கான கோப்புகள் ஒரே அளவில் வந்திருந்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத் திறந்தால், எல்லாவற்றிலும் குக்கீ ஒப்புதல் கேட்கும் அறிவிப்பு மட்டுமே இருந்தது. செய்தியில் ஒரு வரிகூட இல்லை.

அன்றிலிருந்து என் வழக்கம் இதுதான்: குக்கீ, தனியுரிமை, விளம்பரம், சந்தா ஆகிய சொற்கள் இருக்கும் வரியை யோசிக்காமல் நீக்கிவிடுகிறேன். அறிவிப்பு எந்தத் தளத்தில் எந்த இடத்தில் வந்தாலும் இந்தச் சொற்களில் ஒன்றாவது அதில் இருந்தே தீரும். நாற்பது சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்துக்கொண்டால் போதும். அந்தப் பட்டியலை மாதம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் பல தமிழ்த் தளங்களில் உள்ளடக்கம் தமிழில் இருந்தாலும் ஒப்புதல் அறிவிப்பு ஆங்கிலத்திலேயே இருக்கிறது. மூலக் கோப்புகளை எப்போதும் `gzip` செய்து வைத்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்எல் மிக நன்றாகச் சுருங்கும் என்பதால் இடத்தைக் காரணம் காட்டி அழிக்க வேண்டிய தேவையே இல்லை.

நெய்தல்

கணினிப்பித்தன் அவர்களே, மூலத்தைச் சுருக்கி வைக்கச் சொன்னது முற்றிலும் சரி. மற்றதை நான் ஏற்கவில்லை. வைகைக்கரை எடுத்திருப்பது சமையல் தளம். உங்கள் பட்டியலை அங்கே ஓட்டினால் ஓட்ஸ் குக்கீ, தேங்காய் குக்கீ குறிப்புகளின் தலைப்பும் பாதிச் செய்முறையும் போய்விடும்.

இது கற்பனை அச்சமும் அல்ல. பொதுப் பயன்பாட்டுக்கான காமன் கிரால் சேமிப்பிலிருந்து உருவான சி4 என்ற ஆங்கிலத் தொகுப்பில், "ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்குங்கள்" என்ற எச்சரிக்கைகளைக் களைவதற்காக, அந்தச் சொல் வரும் வரிகள் அனைத்தும் நீக்கப்பட்டன. நிரல் துணுக்குகளைத் தவிர்ப்பதற்காக, நெளிவு அடைப்புக்குறி உள்ள பக்கங்கள் முழுவதுமாகவே விடப்பட்டன. நிரலாக்கம் பற்றி நல்ல உரைநடையில் எழுதப்பட்ட கட்டுரைகளும் அதனோடு சேர்ந்து போயிருக்கும். குக்கீ விஷயத்தில் அவர்கள் சற்றுக் கவனமாக இருந்தார்கள்: தனிச் சொல்லைத் தேடாமல், "குக்கீகளைப் பயன்படுத்துகிறது", "குக்கீக் கொள்கை" என்பவற்றுக்கு இணையான ஆங்கிலத் தொடர்களையே தேடினார்கள். பட்டியல் வேண்டுமென்றால் அந்த அளவுக்காவது நீளமான தொடர்களாக இருக்கட்டும்.

அதே தொகுப்பின் இன்னொரு விதியால் நான் பட்ட அடியையும் சொல்ல வேண்டும். முற்றுப்புள்ளி, வினாக்குறி, வியப்புக்குறி, மேற்கோள்குறி ஆகியவற்றில் ஒன்றோடு முடியாத வரியை விட்டுவிடுவது அந்த விதி. பட்டி வரிகளில் புள்ளி இராது என்பதால் அவை அழகாக விழுந்துவிடும். நான் அதை ஓர் இலக்கியத் தளத்தில் அப்படியே பயன்படுத்தினேன். கட்டுரைகள் எல்லாம் ஒழுங்காக வந்தன. ஒரு கவிதைப் பக்கத்தைத் திறந்தபோது, பதினாறு அடிகளில் கடைசி அடி மட்டும், அதன் முற்றுப்புள்ளியோடு, தனியாக நின்றது. மூலப்பொருள் பட்டியலிலும் புள்ளி இருக்காது. ஆகவே உங்கள் தளத்தில் இந்த விதி உப்பை மட்டுமல்லாமல் புளியையும் நீக்கியிருக்கும்.

வைகைக்கரைக்கு என் கருத்து: வரி எத்தனை முறை வருகிறது என்பதோடு, பக்கத்தில் எங்கே வருகிறது என்பதையும் பாருங்கள். பட்டி மேல் விளிம்பிலிருந்து தொடங்கும். அடிக்குறிப்பு கீழ் விளிம்பில் முடியும். உப்பு நடுவில் இருக்கும். எனவே இரு விளிம்புகளிலிருந்தும் உள்நோக்கி நடந்து, பொது வரிகளாக இருக்கும்வரை மட்டும் நீக்கி, முதல் புதிய வரியைக் கண்டதும் நின்றுவிடலாம்.

```python
def trim(lines, common):
    i, j = 0, len(lines)
    while i < j and lines[i] in common:
        i += 1
    while j > i and lines[j-1] in common:
        j -= 1
    return lines[i:j]
```

இங்கே `common` என்பது நீங்கள் முன்பு எண்ணி எடுத்த அதே பட்டியல்தான். அதில் உப்பு இருந்தாலும், குறிப்பின் தலைப்பைக் கண்டதும் நடை நின்றுவிடுவதால் உப்பைத் தொடாது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

எனக்கும் இதே தொல்லைதான். பேரப்பிள்ளைகளுக்காக ஒரு கட்டுரையை இணையத்திலிருந்து நகலெடுத்து அச்சிட்டபோது, நான்கு தாள்களில் இரண்டு தாள் விளம்பரமாகவே வந்தது. பிறகு ஒரு மாணவர் பயர்பாக்ஸ் உலாவியின் வாசிப்புப் பார்வையைக் காட்டிக்கொடுத்தார். முகவரிப் பட்டையில் இருக்கும் சிறு தாள் போன்ற குறியை அழுத்தினால் கட்டுரை மட்டும் நிற்கிறது. நீங்கள் அனைவரும் ஏன் இவ்வளவு சிரமப்படுகிறீர்கள் என்று விளங்கவில்லை. வத்தக்குழம்பை அந்தக் குறியை அழுத்திவிட்டு நகலெடுத்தால் உப்பும் சேர்ந்தே வருமே.

நெய்தல்

ஐயா, ஒரு பக்கத்துக்கு நீங்கள் சொல்வதே சிறந்த வழி. மூவாயிரம் பக்கங்களுக்குக் கையால் அழுத்த முடியாது என்பதுதான் இங்குள்ள சிக்கல். அந்தப் பார்வைக்குப் பின்னால் இருக்கும் `Readability.js` தனியாகவும் கிடைக்கிறது; அதை நிரலிலிருந்து இயக்கலாம். ஆயினும், அதிக உரையும் குறைந்த இணைப்புகளும் உள்ள பகுதியையே அது கட்டுரை என்று ஊகிக்கிறது. செய்முறை நீளமாகவும் மூலப்பொருள் பட்டியல் தனிப் பெட்டியாகவும் இருக்கும் பக்கத்தில் பெட்டியை விட்டுவிட வாய்ப்பு உண்டு. இருபது பக்கங்களையாவது கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நான் அதை நம்புவேன்.

முல்லை

ஒரே ஒரு செய்தி. நான் எண்ணியபோது ஓர் அடிக்குறிப்பு வரி பாதிப் பக்கங்களில் நீங்கியது, மீதிப் பக்கங்களில் நின்றது. திரையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட வேறுபடவில்லை. "தொடர்புக்கு" என்ற சொல்லின் முதல் எழுத்தில் இருக்கும் ஒகரக் குறி ஒரு வார்ப்புருவில் `U+0BCA` என்ற ஒற்றைக் குறியாகவும், இன்னொன்றில் `U+0BC6`, `U+0BBE` என்ற இரண்டு குறிகளாகவும் தட்டச்சாகியிருந்தது. கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு வரிகள். எண்ணுவதற்கு முன் இதைச் செய்தேன், சரியாகிவிட்டது:

```python
import re, unicodedata
def key(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    s = s.replace("\u200b", "").replace("\u200c", "")
    return re.sub(r"\d+", "0", s).strip()
```

எண்களை மாற்றியது பதிப்புரிமை ஆண்டுக்காக. 2019 என்றும் 2023 என்றும் வருவதால் அந்த வரியின் எண்ணிக்கை பிரிந்துகிடந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியையும் ள என்ற எழுத்தையும் சேர்த்துத் தட்டச்சு செய்திருந்தால் இந்த இயல்பாக்கம் அதைத் திருத்தாது. "கௌ" வரும் வரிகளை நான் தனியாகவே பார்க்க வேண்டியிருந்தது.

கணினிப்பித்தன்

முல்லை அவர்களின் நிரலைச் சமையல் தளத்தில் ஓட்டினால் "மிளகு - 1 தேக்கரண்டி", "மிளகு - 2 தேக்கரண்டி" எல்லாம் ஒரே வரியாகி, எண்ணிக்கை ஏறி, மிளகும் பொது வரியாகிவிடுமே. ஆகவேதான் சொல்கிறேன், எண்ணுவதே ஆபத்து.

முல்லை

வைகைக்கரையின் பழைய முறையில் அது நடக்கும். விளிம்பிலிருந்து நடக்கும் முறையில் மிளகு பட்டியலில் ஏறினாலும் அது நடுவில் இருப்பதால் பாதுகாப்பாகவே இருக்கும். என்னுடைய திறவுகோல் ஒப்பிடுவதற்கு மட்டும்தான். சேமிக்கும்போது மூல வரியைத்தான் எழுத வேண்டும்.

வைகைக்கரை

நெய்தல், முல்லை இருவரின் வழியையும் சேர்த்து, கையில் மீண்டும் கிடைத்த பக்கங்களில் ஓட்டினேன். மேற்பகுதி மிகச் சுத்தமாக வந்தது. உப்பும் கறிவேப்பிலையும் தம் இடத்தில் இருக்கின்றன. அம்மாவிடம் காட்டிவிட்டேன்.

கீழ்ப்பகுதியில்தான் நின்றுவிட்டது. அடிக்குறிப்பு நீங்குகிறது, அதற்கு மேலே "இதையும் படிங்க" என்ற தலைப்பின் கீழ் ஐந்து குறிப்புகளின் பெயர்கள் இருக்கின்றன. அவை பக்கத்துக்குப் பக்கம் மாறுவதால் நடை அங்கேயே நின்று, தலைப்பும் ஐந்து பெயர்களும் உரையின் வாலாகத் தொங்குகின்றன. ஒவ்வொரு வத்தக்குழம்புக்குப் பின்னும் ஒரு ரவா கேசரி வருகிறது.

நெய்தல்

அங்கே வரியைப் பார்ப்பதை விட்டு எச்டிஎம்எல்லைப் பார்க்க வேண்டும். அந்த ஐந்து பெயர்களும் முழுவதுமாக `a` குறிச்சொல்லுக்குள் இருக்கும். உரையாகப் பிரிப்பதற்கு முன்பே, முழு எழுத்தும் இணைப்பாகவே இருக்கும் `li` உருப்படிகளை நீக்கிவிடுங்கள். பிறகு விளிம்பு நடையை ஓட்டுங்கள். ஒரு பத்தியின் நடுவே ஓரிரு சொற்கள் இணைப்பாக இருந்தால் இதில் அடிபடாது.

வைகைக்கரை

செய்து பார்த்தேன். ரவா கேசரி போய்விட்டது. பொடி தோசைக் குறிப்பைத் திறந்தால் "இட்லிப் பொடி" இல்லை. அந்தத் தளத்தில் இட்லிப் பொடிக்குத் தனிக் குறிப்பு இருப்பதால், மூலப்பொருள் பட்டியலிலேயே அந்த உருப்படியை முழுவதும் இணைப்பாக்கியிருக்கிறார்கள். மூலப்பொருளும் `li`, பரிந்துரையும் `li`. இரண்டுக்கும் இணைப்பு முழுமையாகவே இருக்கிறது. ஒரே `ul` பட்டியலில் இணைப்பு இல்லாத உருப்படி ஒன்றாவது இருந்தால் அந்தப் பட்டியலையே தொடாமல் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். இம்முறை மூலக் கோப்புகளை `gzip` செய்து இரண்டு இடங்களில் வைத்திருக்கிறேன் என்பதால் அதையும் இன்றிரவு ஓட்டிப் பார்க்கிறேன்.