கேள்வித்தாள் ஒண்ணு, விடைத்தாள் வேற... ஃபார்முலால யாராச்சும் உதவுங்க

வணக்கம் மக்களே, நான் தொண்டி பக்கம் சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்குறேன். பக்கத்துல உக்காந்தவனப் பாத்து எழுதுறானுவன்னு கூகுள் ஷீட்ஸ்ல ஆளுக்கொரு வகுத்தல் கணக்கு ஷீட்டு போட்டேன். மீதி வராம இருக்க விடைய முதல்ல எடுத்து, பெருக்கி, அப்புறம் கேள்விய அமைச்சேன், அது நல்லாத்தான் வருது:

```
B2: =RANDBETWEEN(2,9)
C2: =RANDBETWEEN(11,40)
A2: =B2*C2
D2: =A2&" கிலோ நெத்திலிய "&B2&" பேர் பங்கு வச்சா ஆளுக்கு எவ்வளவு?"
```

விடை C2. கேள்விய பிரிண்ட் எடுத்துட்டு விடை ஷீட்டுல செட் நம்பர் அடிச்சேன் பாருங்க, எல்லா நம்பரும் மாறிப்போச்சு, ஏன்னா எந்த செல்ல மாத்துனாலும் RANDBETWEEN மறுபடி உருட்டிவிட்டுரும். காப்பி பண்ணி வேல்யூஸ் மட்டும் பேஸ்ட் பண்ணா நிக்குது, ஆனா 30 செட்டுக்கும் அத செஞ்சா விடிஞ்சுரும்.

அதனால E1-ல செட் நம்பர் குடுத்தா எப்பவும் அதே கேள்வி வர்ற மாதிரி, முதல்ல B2-ல மட்டும் இத போட்டுப் பாத்தேன்:

```
=MOD($E$1*37+ROW()*17,8)+2
```

B2 நம்பர் நிக்குது. ஆனா கீழ இழுத்தா 9, 2, 3, 4னு வரிசையா ஏறுது (17ஐ 8ஆல வகுத்தா மீதி 1, அதான்), செட் 1ம் செட் 9ம் B-ல ஒண்ணுபோலவே இருக்கு. ஒரு வாலு அத கண்டுபிடிச்சுட்டான்!

மேக்ரோ இல்லாம, செட் நம்பர மாத்துனா மட்டும் மாறுற, ஆனா வரிசை தெரியாத ஃபார்முலா இருக்கா அண்ணன்மாரே? போன்லதான் வேல பாக்குறேன், கூகுள் ஷீட்ஸ்.