பிரெஞ்சில் 'மோன் எக்கோல்' எண்டால் பள்ளிக்கூடம் ஆண்பாலோ?

நிலா, பொபினி: மகள் இந்த வருசம் கொலேஜில் சிஸியெம். பழைய பள்ளிக்கூடத்தைப் பற்றி 'என்ர பள்ளிக்கூடம் சின்னது' எண்டதை 'மோன் எக்கோல் எ பெத்தி' எண்டு எழுத, ரீச்சர் 'பெத்தித்' எண்டு திருத்தியிருக்கிறா. 'என்ர புத்தகம்' எண்ட 'மோன் லீவ்ர்' ஆண்பால்தானே, அப்ப மோன் எக்கோலும் ஆண்பால்தானே?

அகிலன்: எக்கோல் பெண்பால். 'என்ர' எண்டதுக்கு ஆண்பாலில் மோன், பெண்பாலில் மா. ஆனால் 'மா எக்கோல்' எண்டால் ரெண்டு உயிரெழுத்து முட்டும், அதால மா போய் மோன் வந்திருக்கு. நடுவில் ஒரு சொல்லைச் செருகிப் பாக்கச் சொல்லுங்கோ: 'மா பெத்தித் எக்கோல்'. முட்டல் போனதும் மா திரும்ப வந்திட்டுது. இஸ்துவார், எக்கிப், அத்ரெஸ் எல்லாத்துக்கும் இதே கதை. 'லா' சுருங்கிறதால 'லெக்கோல்' எண்டு பாடமாக்கினாலும் பால் மறைஞ்சு போகும். கொப்பியில் 'யூன் எக்கோல் வெர்த்', 'அன் ஆர்ப்ர் வெர்' எண்டு பச்சை நிறத்தோட எழுதட்டும். அந்தக் கடைசி 'த்' காதில் விழுந்தால் பெண்பால். சிவப்பு, மஞ்சள் வேண்டாம். ரூஜ், ழோன் ரெண்டு பாலுக்கும் ஒண்டுதான்.

புதுவை ரவி: இவ்வளவு எதுக்குங்க? ஈ எழுத்துல முடிஞ்சா பெண்பால். ஆறுன்னாலே பெண்தான், நம்ம காவேரி மாதிரி: லா சேன், லா லுவார்.

அகிலன்: ரவி அண்ணை, லெ ரோன் ஆண்பால், அதுவும் ஈயில்தான் முடியுது. லீவ்ர், ஆர்ப்ர், மியூஸே எல்லாம் ஈயில் முடியிற ஆண்பால். மெய்சோன், மேர், மேன் ஈ இல்லாத பெண்பால். கடைசி ஈயை மட்டும் பாக்காமல் முழு வாலையும் பாக்கவேணும். நாசியோன் மாதிரி 'சியோன்' எண்டு முடிஞ்சால் அனேகமாப் பெண்பால். கராழ், வுவயாழ் மாதிரி 'ஆழ்' எண்டால் அனேகமா ஆண்பால், ஆனால் பிளாழ், இமாழ், பாழ் மூண்டும் பெண்பால். இந்த மூண்டையும் தனியாப் பாடமாக்கவேணும்.

புதுவை ரவி: ரோனை மறந்துட்டேன். ஆனாலும் சின்னப் பசங்களுக்கு ஈ விதியில ஆரம்பிக்கிறதுதான் சுலபம்னு நினைக்கிறேன்.

சுமதி: நிறம் எண்டதும் நினைவு வந்தது. என்ர மகன் 'சப்பாத்து ரெண்டும் மண்ணிறம்' எண்டு எழுதேக்க மாரோனுக்கு எஸ் போட்டு ஒரு புள்ளி போச்சு. பச்சைக்குப் போடலாம், மண்ணிறத்துக்கு ஏன் கூடாது?

அகிலன்: மாரோன் எண்டது ஒரு கொட்டையின்ர பேர், ஒரான்ஜ் பழத்தின்ர பேர். பொருளின்ர பேரை நிறமா வைச்சால் பால், பன்மை ரெண்டுக்கும் மாறாது. 'தே ஷோசூர் வெர்த்' எழுத்தில் ஈயும் எஸ்ஸும் எடுக்கும், 'தே ஷோசூர் மாரோன்' ஒண்டும் எடுக்காது.

சுமதி: ரோஸும் பூவின்ர பேர்தானே? அதுக்கு எஸ் போட்டது சரியெண்டு விட்டிருக்கினமே.

அகிலன்: ரோஸ், மோவ் ரெண்டும் விலக்கு, எஸ் போடத்தான் வேணும். ஏன் இதுகள் விலக்கு எண்டு ரீச்சரிட்டக் கேட்டுப் பாருங்கோ, என்ன சொல்லுறா எண்டு இங்க எழுதுங்கோ.