இரவு 2.40-க்கு எழுப்பிய வயிறு

பவானிக்கரை

மூன்று நாளாக வயிறு போகவில்லை. இரவு சாப்பாடு முடிந்ததும் அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை ஒன்றைப் போட்டு, கூடவே ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பாலையும் குடித்துவிட்டுப் பத்து மணிக்குப் படுத்தேன். பால் குடித்தால் தூக்கம் வரும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சரியாக 2.40-க்கு, மேல்வயிற்றை யாரோ துணி பிழிவதுபோலப் பிழிந்தார்கள். குளியலறைத் தரையில் உட்கார்ந்து, தண்ணீர் நிரம்பிய எவர்சில்வர் வாளியில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டேன். அந்தக் குளிர்ச்சி மட்டும்தான் நன்றாக இருந்தது. நான்கு மணிக்குமேல் வயிறு போனது, தூக்கமும் போனது. மறுநாள் வங்கியில் நோட்டை மூன்று முறை எண்ணியும் கணக்கு சேரவில்லை. அன்று மாலையே வயிறு மறுபடி மத்தளமாகிவிட்டது.

இது நடந்து இரண்டு மாதமாகிறது. இப்போது மாத்திரை போடாத நாளிலும் அதே நேரத்துக்கு விழிப்பு வருகிறது. எழுந்ததும் கை தானாக வயிற்றைத் தடவிப் பார்க்கிறது. தூக்கம் கெட்டதால் வயிறு கெடுகிறதா, வயிறு கெட்டதால் தூக்கம் கெடுகிறதா? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஓய்வுபெற்றவன்

எனக்கு நடந்தது ரயிலில். மேல் படுக்கை, உப்பிய வயிறு, கீழே புதுமணத் தம்பதி. விடிய விடிய அடக்கிக்கொண்டு கிடந்தேன். மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

அம்மா, உங்களுக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இரவு உணவு ஏழு மணிக்குள் முடிந்தாக வேண்டும். சாப்பிட்டபின் நூறு அடி நடக்க வேண்டும். இடப்பக்கம் சாய்ந்துதான் படுக்க வேண்டும். இரவில்தான் குடல் முழு வேலை செய்து மலத்தைக் கீழே தள்ளுகிறது. அதற்கு இடம் கொடுக்காமல் பத்து மணிக்குச் சாப்பிட்டால் எப்படி? கிழங்கு, மொச்சை, பட்டாணி எதுவும் இரவில் கூடாது. முருங்கைக்கீரை பகலில் மட்டும். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு செம்பு தண்ணீர். நான் பதினொரு வருடமாக இப்படித்தான் இருக்கிறேன். மாத்திரை என்பதே தேவையில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் மாத்திரை.

கடைக்காரர்_31ஆண்டு

மருந்துக்கடையில் முப்பத்தொரு ஆண்டாக நிற்கிறேன். அந்த மஞ்சள் மாத்திரை பெரும்பாலும் பிசகோடில். அதன் மேல் ஒரு பூச்சு உண்டு. வயிற்றில் கரையாமல் குடலுக்குப் போன பிறகே கரைய வேண்டும் என்பதற்காகப் போட்ட பூச்சு. பாலோ, அமிலத்தைத் தணிக்கும் மருந்தோ கூடச் சேர்ந்தால் வயிற்றிலேயே கரைந்துவிடும். பிறகு இரைப்பையே அதைத் தாங்கவேண்டும். நீங்கள் சொன்ன மேல் வயிற்றுப் பிழிசல் அதுவாகத்தான் இருக்கும். பாலுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரு பெரியவர் இதே மாத்திரையை மிட்டாய்போல மென்றுவிட்டு, இரவு பதினோரு மணிக்கு என் கடை ஷட்டரைத் தட்டினார். அந்த முகத்தை இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து அட்டையைக் கத்தரிக்கும்போதே சொல்லிவிடுகிறேன்: மெல்லாதீர்கள், உடைக்காதீர்கள், பாலோடு வேண்டாம்.

மேலே பெரியவர் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். இரவில் பெருங்குடல் முழு வேலை செய்வதில்லை, கிட்டத்தட்ட ஓய்ந்து கிடக்கிறது. பலமாகத் தள்ளுவது நாம் விழித்த பிறகும், காலை ஏதாவது சாப்பிட்ட பிறகும்தான். அந்த மாத்திரை வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். இரவில் போடச் சொல்வது காலையில் வெளியேறட்டும் என்றுதான். நடுநிசியில் உங்களை எழுப்புவதற்கு அல்ல.

ஓய்வுபெற்றவன்

என் இடப்பக்கப் படுக்கை பதினொரு வருட அனுபவம். புத்தகம் படித்துச் சொல்லவில்லை.

கடைக்காரர்_31ஆண்டு

இடப்பக்கம் படுப்பதை நான் மறுக்கவே இல்லை ஐயா. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது நல்லதுதான்.

பேரன்பாட்டி

என் பேரனுக்கு நான்கு மாதம். அவனுக்கும் இரவானால் வயிறு உப்பி அழுகை. ஓம வாட்டர் கொடுக்கலாமா? மருமகள் வேண்டாம் என்கிறாள். எங்கள் காலத்தில் கொடுத்துத்தான் வளர்த்தோம்.

சுழல்பணி

பாட்டி, ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். இந்த விஷயத்தில் மருமகள் பக்கம்தான் நான். அழுகை நிற்காவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இங்கே பேசுவது பெரியவர்களின் வயிறு.

நான் செவிலியர். மாதத்தில் பத்து நாள் இரவுப் பணி. எனக்கு ஐ.பி.எஸ்., அதாவது எரிச்சலுறு குடல் நோய் என்று மருத்துவர் சொன்னார். வீட்டில் வந்து சொன்னதும் மாமனார், “யார் அந்த அதிகாரி?” என்றார். அது போகட்டும்.

அதிகாலை நான்கு மணி, வார்டில் எல்லோரும் உறங்குகிறார்கள். சீருடைப் பாவாடையின் நாடாவைத் தளர்த்திக்கொண்டு, மருந்து அலமாரியைப் பிடித்தபடி நிற்கிறேன். வயிறு ஏழு மாதம்போல. ஒரு நோயாளியின் அம்மா வந்து, “எத்தனையாவது மாசம் கண்ணு?” என்று கேட்டார். அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

அதன்பின் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆறு வாரம் எழுதினேன். எத்தனை மணி நேரம் தூங்கினேன், என்ன சாப்பிட்டேன், வயிறு எப்படி இருந்தது, மூன்றே கட்டம். வெங்காயம்தான் வில்லன் என்று நினைத்திருந்தேன். அப்படித் தெளிவாக வரவில்லை. வெங்காய சாம்பார் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருந்த நாள்களும் இருந்தன. ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாளுக்கு அடுத்த நாள் மட்டும் அநேகமாக எப்போதும் மோசம். அதே அளவு வாயு, ஆனால் வலி இரட்டிப்பு. தூக்கம் குறைந்தால் குடலின் சாதாரண இழுப்பைக்கூட மூளை வலியாக எடுத்துக்கொள்கிறது என்று எங்கள் மருத்துவர் விளக்கினார். என் நோட்டுக்கு அது பொருந்துகிறது.

இன்னொன்றும் அந்த நோட்டில்தான் தெரிந்தது. பணி முடிந்து காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் குடல் கூப்பிடும். நான் ‘முதலில் தூக்கம்’ என்று அடக்கிவிட்டுப் படுத்துவிடுவேன். மாலை எழுந்தால் அழைப்பு இருக்காது. இப்படி அடக்கி அடக்கியே மூன்று நாள் கட்டிக்கொள்ளும். இப்போது வந்ததும் இரண்டு இட்லி, ஒரு டம்ளர் வெந்நீர், பதினைந்து நிமிடம் காத்திருந்து கழிப்பறை, அப்புறம்தான் படுக்கை. பாதி நாள் பலிக்கிறது, பாதி நாள் இல்லை.

கோபக்காரன்

எல்லோரும் ஐ.பி.எஸ். என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள். எனக்கும் இரண்டு வருடம் அதையே சொன்னார்கள். டென்ஷன் குறையுங்கள், யோகா செய்யுங்கள். எனக்கு மலச்சிக்கல் அல்ல, இரவு மூன்று மணிக்கு உறக்கத்திலிருந்து அடித்து எழுப்பி ஓட வைக்கும் பேதி. மனைவி எழக்கூடாது என்று விளக்குப் போடாமல் போவேன். அதனால்தான் ரத்தம் கலந்திருந்ததை மாதக்கணக்கில் பார்க்கவில்லை. ஒரு நாள் விளக்குப் போட்டேன். கொலோனோஸ்கோபியில் பெருங்குடல் முழுக்கப் புண். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்.

ஐ.பி.எஸ். பொதுவாக உறங்குபவனை எழுப்பாது என்று பிறகு வந்த மருத்துவர் சொன்னார். அந்த ஒரு கேள்வியை முன்பே யாராவது கேட்டிருந்தால் இரண்டு வருடம் மிஞ்சியிருக்கும்.

சுழல்பணி

நீங்கள் சொல்வது சரி. ஆனாலும் ஐ.பி.எஸ். உள்ள பலர் இரவில் எழுந்ததாகத்தான் சொல்கிறார்கள். வேறு எதற்கோ விழித்து, விழித்தபின் வயிற்றை உணர்வதும் உண்டு. வலியே எழுப்புவது வேறு. இருட்டில் எது முதலில் வந்தது என்று எப்படிச் சொல்வது? எனக்கே தெரியவில்லை.

கோபக்காரன்

தெரியவில்லை என்றால் பரிசோதனை செய்யட்டும். ரத்தம், எடைக் குறைவு, ரத்தசோகை, இரவில் எழுப்பும் பேதி, ஐம்பது வயதுக்குமேல் புதிதாக வந்த மாற்றம் இவற்றில் எதுவும் இருந்தால் யோகா காத்திருக்கலாம்.

கடைக்காரர்_31ஆண்டு

பவானிக்கரை அம்மா, ஒரு கேள்வி. 2.40-க்கு எழுந்தபின் மறுபடி தூங்க என்ன செய்கிறீர்கள்?

பவானிக்கரை

கேட்டுவிட்டீர்கள். மாமியாரின் சளி மாத்திரை வீட்டில் இருக்கிறது. அதைப் போட்டால் தூக்கம் வருகிறது. அந்த இரவுக்குப் பிறகு ஒரு பத்து நாள் போட்டேன் என்று நினைத்தேன். அட்டையை எண்ணிப் பார்த்தால் நாற்பதுக்கு மேல் காலி.

கடைக்காரர்_31ஆண்டு

அட்டையில் குளோர்பெனிரமின் என்று இருக்கிறதா பாருங்கள்.

பவானிக்கரை

இருக்கிறது.

கடைக்காரர்_31ஆண்டு

அது வாயை உலர்த்துவதுபோலக் குடலின் அசைவையும் மந்தமாக்கும். மலச்சிக்கல் அதன் தெரிந்த பக்கவிளைவு. வயிறு கட்டினால் தூக்கம் கெடுகிறது, தூங்குவதற்குச் சளி மாத்திரை, அதனால் வயிறு மேலும் கட்டுகிறது, அதைத் திறக்க மஞ்சள் மாத்திரை, அது மறுபடி இரவில் எழுப்புகிறது. செக்குமாட்டுச் சுற்று. என் கடையில் தலையணை உறை நிறைய அட்டைகளோடு வந்தவர்களும் உண்டு. மருத்துவரிடம் போகும்போது இரண்டு அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இதைச் சொல்லாவிட்டால் அவருக்கும் பாதிக் கதைதான் தெரியும்.

ஓய்வுபெற்றவன்

நான் முதலிலேயே சொன்னேன், மாத்திரையே வேண்டாம் என்று.

பவானிக்கரை *(மூன்று வாரம் கழித்து)*

மருத்துவர் தைராய்டும் ரத்தசோகையும் பார்த்தார், இரண்டும் சரி. சளி மாத்திரையை நிறுத்தினேன். முதல் நான்கு இரவு உறக்கமே இல்லை, ஐந்தாவது நாள் அழுதுவிட்டேன். இசப்கோல் மாலையில் ஒரு ஸ்பூன், முழு டம்ளர் தண்ணீரோடு. முதல் வாரம் உப்புசம் கூடியது. நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்று அவர் சொல்லியிருந்ததால் விட்டுவைத்தேன். மஞ்சள் மாத்திரை இந்த மூன்று வாரத்தில் ஒரே ஒரு முறை, பால் இல்லாமல். இந்த முறை ஆறரை மணிக்கு எழுப்பியது.

2.40 விழிப்பு இன்னும் வருகிறது, வாரத்தில் இரண்டு மூன்று நாள். வயிற்றைத் தடவிப் பார்க்கிறேன், மத்தளம் இல்லை. ஆனாலும் எழுந்துவிட்டேனே என்று இருக்கிறது. இதற்கு என்ன காரணம் என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.

பேரன்பாட்டி

அது பழக்கம் கண்ணு. என் மாமியார் செத்து இருபது வருடம் ஆகிறது. இன்னமும் நாலு மணிக்கு அவருக்குக் காப்பி போட எழுந்துவிடுகிறேன்.