சம்பளமில்லா விடுமுறையில் சனி, ஞாயிறுக்கும் பிடிப்பார்களா?

வணக்கம் பினாங்கு நண்பர்களே. ஜனவரியில், தை பிறந்ததும் தஞ்சாவூரில் மச்சினிச்சி கல்யாணம். ஆண்டு விடுமுறை போதாது. அதை ஒட்டி, திங்கள் முதல் மறுவார வெள்ளி வரை சம்பளமில்லா விடுமுறை கேட்கப் போகிறேன்.

சம்பளம் 3,100 ரிங்கிட். 1955 வேலைச் சட்டத்தின் 18ஏ பிரிவுப்படி அந்த மாதத்தின் மொத்த நாட்களால் வகுக்க வேண்டும். ஜனவரியில் ஒரு நாளுக்கு 100. நடுவில் வரும் சனி, ஞாயிறையும் சேர்த்தால் 1,200 போகும், விட்டால் 1,000. எங்கள் அலுவலகமோ 26 ஆல் வகுத்து, 10 வேலை நாளுக்கு ஏறக்குறைய 1,192 பிடிப்போம் என்கிறது. இபிஎஃப் குறைவது தனிக்கதை.

நடுவில் வரும் வெள்ளியையும் திங்களையும் ஆண்டு விடுமுறையாக மாற்றி எழுதினால் அந்த வார இறுதிச் சம்பளம் தப்புமா? இப்படி எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சம்பளச் சீட்டில் எப்படிக் கழித்தார்கள்?