புதுப்பிப்பு: அந்த வைத்தியரின் பதிவு எண் உண்மையானதுதான், ஆள்தான் வேறு

என் முதல் கேள்வி: “அம்மாவின் தோல் நோய்க்கு இணையவழி வைத்தியர் 2,500 ரூபாய் முன்பணம் கேட்கிறார். பதிவு எண்ணும் தந்திருக்கிறார். கட்டலாமா?”

கட்டவில்லை. “எண் இருந்தால் போதும்” என்றார் உப்புவெளி அண்ணா ஒருவர். slmc.gov.lk தளத்தில் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் தேடினேன். பெயரும் எண்ணும் பொருந்தின. நிம்மதியாகத்தான் இருந்தது.

மருந்தகத்தில் வேலை செய்யும் அக்காதான் தடுத்தார்: “எண்ணை யாரும் பார்த்து எழுதலாம், தம்பி. அந்த எண்ணுக்குரியவர்தானா பேசுகிறார் என்று பார்.” சிறப்பு வைத்தியர் என்றால் சிறப்புப் பதிவேட்டிலும் பெயர் இருக்க வேண்டும் என்றார். அதில் இல்லை.

அந்த இணையவழி வைத்தியர் வேலை செய்வதாகச் சொன்ன வைத்தியசாலையின் தொலைபேசி எண்ணை, அவருடைய விளம்பரத்திலிருந்து எடுக்காமல், தனியாகத் தேடி அழைத்தேன். உண்மையான வைத்தியர் இணையவழியில் நோயாளரைப் பார்ப்பதே இல்லையாம். பணம் கட்டச் சொன்ன வங்கிக் கணக்கும் வேறொருவர் பெயரில் இருந்தது; அதை முதலிலேயே கவனித்திருக்க வேண்டும்.

ஆயுர்வேத வைத்தியரைப் பற்றிக் கேட்ட மாமாவுக்கு: அவர்களுக்குத் தனிச் சபை இருக்கிறது, இந்தப் பதிவேட்டில் தேட வேண்டாம். விளம்பரப் படத்தில் இருப்பவர் யாரென்று இன்னும் தெரியவில்லை.