இறுதி முன்மொழிவுக்குப் பின் பேச்சை எப்படித் தொடங்குவது?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தத்துக்கு நிர்வாகம் 6 விழுக்காட்டை இறுதி முன்மொழிவாக அறிவித்துவிட்டது; நாங்கள் கேட்பது 9. மாதம் 26 வேலைநாள் என்று வைத்தால், இடைப்பட்ட 3 விழுக்காடு 36 மாதங்களில் ஏறத்தாழ 28 நாள் கூலிக்குச் சமம். ஆகவே வேலைநிறுத்தம் நான்கைந்து வாரம் நீடித்தால், முழுக் கோரிக்கையும் கிடைத்தாலும் இந்த ஒப்பந்தக் காலத்தில் எங்களுக்கு மிச்சமிராது. கிடங்கிலோ மூன்று வாரச் சரக்கு இருப்பதால், நிறுவனத்துக்கு உண்மையான வலி அதன் பிறகுதான் தொடங்கும்.

வாக்கெடுப்புக்கு முன்பே பேச்சைத் திறக்க விரும்புகிறோம். மொத்தச் செலவை அதிகரிக்காமல், உயர்வை ஆண்டுவாரியாகப் பிரித்துக் கேட்டால், 'இறுதி' என்று சொன்னவர்கள் முகம் கெடாமல் மேசைக்குத் திரும்புவார்களா? அதை நாங்களே முன்வைப்பதா, நடுவர் வழியாகவா? அனுபவமுள்ளவர்கள் கூறி உதவுங்கள்.