‘லாடா’ நீரிழிவுக்குத் தமிழ்ச்சொல்: ‘மறைநிலை’ சரிதானா?

செல்வி:
நோயாளிகளுக்கான நீரிழிவுக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முப்பது வயதுக்கு மேல் வரும் ‘லாடா’வுக்கு ‘பெரியோர் மறைநிலைத் தன்னெதிர்ப்பு நீரிழிவு’ என்று போட்டேன். படிக்கும்போது எனக்கே மூச்சு வாங்குகிறது. குறைக்க வழி சொல்லுங்கள்.

அன்பழகன்:
‘ஒன்றரை வகை’ என்று எழுதிவிடுங்கள். முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் நடுவில் நிற்பதுதானே? ஒல்லியானவருக்கு நாற்பதில் சர்க்கரை வந்தால் இது, குண்டானவருக்கு வந்தால் இரண்டாம் வகை. அவ்வளவுதான். ‘லாடா’ என்று மட்டும் வேண்டாம், ரஷ்யக் கார் ஞாபகம் வருகிறது.

டாக்டர் மீனாட்சி:
அன்பழகன் ஐயா சொல்வதில் பாதி சரி. ஒல்லியாக இருந்தால் சந்தேகம் எழ வேண்டியதுதான். ஆனால் நம் ஊரில் ஒல்லியான இரண்டாம் வகைக்காரர்கள் ஏராளம். உடல் கனத்தவர்களிலும் லாடா உண்டு. ஆளைப் பார்த்து முடிவுகட்ட முடியாது.

குழப்பமே இங்கேதான். குழந்தைக்கு முதல் வகை வந்தால், உடலின் நோயெதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் சில வாரங்களில் இன்சுலின் வற்றி, கீட்டோன் ஏறி, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். லாடாவில் அதே அழிவு நிதானமாக நடக்கிறது. கண்டுபிடிக்கும் நாளில் கணையம் இன்னும் ஓரளவு சுரந்துகொண்டிருக்கும், மாத்திரைக்கும் சர்க்கரை இறங்கும். வயது நாற்பது, மாத்திரை கேட்கிறது, அப்படியானால் இரண்டாம் வகை என்று சீட்டில் எழுதிவிடுவோம். முதல் ஆறு மாதமாவது இன்சுலின் தேவைப்படாமல் இருப்பதே இதன் அடையாளங்களில் ஒன்று என்னும்போது, ஏமாறாமல் என்ன செய்வது?

ஆகவே எனக்கு ‘மறைநிலை’யில் உடன்பாடில்லை. சர்க்கரை வெளிப்படையாகவே ஏறியிருக்கிறது, காரணம்தான் தெரியவில்லை. உலகச் சுகாதார அமைப்பின் 2019 வகைப்பாடும் மெதுவாக வளர்வதையே பெயரில் வைத்தது. ‘மெல்ல முற்றும் தன்னெதிர்ப்பு நீரிழிவு’ என்று எழுதலாம்.

ரகு:
சொல் பற்றி எனக்குத் தெரியாது, என் கதையைச் சொல்கிறேன். 43 வயதில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.4. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் கொடுத்தார்கள், ஏழுக்குக் கீழே வந்தது. ஒரு வருஷம் கழித்து அதே மாத்திரையில் 10.2. எடை ஆறு கிலோ குறைந்தது. சோற்றை நிறுத்து, நடக்கவில்லையா என்று எல்லாரும் என்னையே திட்டினார்கள். வேறொரு டாக்டர், உடலே தன் கணையத்தைத் தாக்குகிறதா என்று காட்டும் ஜிஏடி எதிர்ப்பான் பரிசோதனை எழுதினார். அளவு வெகுவாக உயர்ந்திருந்தது. சி-பெப்டைடு 0.8 நானோகிராம். அன்றே கிளிமிபிரைடை நிறுத்தி இன்சுலின் தொடங்கினார்.

டாக்டர் மீனாட்சி:
சரியாகச் செய்திருக்கிறார். கிளிமிபிரைடு மீதமிருக்கும் செல்களை மேலும் சுரக்கச் சொல்லி விரட்டும் மருந்து, லாடாவில் அதைத் தவிர்ப்பதே வழக்கம். சி-பெப்டைடு, உடல் தானாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதைக் காட்டும். 2020 நிபுணர் வழிகாட்டலின்படி சுமார் 0.9க்குக் கீழே போனால் முதல் வகைபோல இன்சுலின், 2.1க்கு மேல் என்றால் இரண்டாம் வகைபோலவே மருந்து, இடைப்பட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்ப்பது. எதிர்ப்பான் இருக்கிறது என்பதற்காக எல்லாருக்கும் மறுநாளே ஊசி இல்லை. இன்னொன்று: சர்க்கரை மிக அதிகமாக இருக்கும் வேளையில் கணையம் சோர்ந்து சி-பெப்டைடைக் குறைத்துக் காட்டும். ரகுவுக்கு 0.8 எல்லையை ஒட்டி இருப்பதால், சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் ஒருமுறை திரும்ப எடுப்பது நல்லது.

ஜெயந்தி:
எங்க அப்பா இருபது வருஷமா மாத்திரையிலயே இருக்கார். அவருக்கும் ஜிஏடி எடுத்துடலாமா டாக்டர்?

டாக்டர் மீனாட்சி:
மாத்திரையிலேயே இருபது வருஷம் சீராக ஓடுகிறது என்றால் தேவைப்படாதம்மா. நோயே இல்லாதவர்களிலும் நூற்றில் ஒருவருக்கு வரம்பைத் தாண்டும்படிதான் பல ஆய்வகங்கள் அந்த வரம்பை வைத்திருக்கின்றன. சந்தேகத்துக்கு இடமில்லாதவர்களை எல்லாம் சோதித்தால் பொய்யான ‘உண்டு’ நிறைய வரும், அதிலும் வரம்பை லேசாகத் தாண்டியவை. மாத்திரை சீக்கிரம் கைவிட்டவர், காரணமின்றி இளைத்தவர், தைராய்டு போன்ற வேறு தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர், இவர்களுக்குத்தான் முதலில். ஜிஏடி இல்லையென்று வந்தும் சந்தேகம் தீராவிட்டால் ஐஏ-2, துத்தநாகக் கடத்திக்கான எதிர்ப்பான் இரண்டையும் பார்க்கலாம்.

தவராசா, யாழ்ப்பாணம்:
இலங்கையில நாங்கள் பாடப்புத்தகத்தில ‘பிறபொருளெதிரி’ எண்டுதான் படிச்சனாங்கள். இங்கே தாக்கப்படுறது பிறபொருள் இல்லை, சொந்தக் கணையம். ‘தன்பிறபொருளெதிரி’ எண்டு எழுதினால் சிரிப்பாய் இருக்கும். அதாலை ‘தன்னெதிரி’ போதும். நோயை ‘தன்னெதிரி நீரிழிவு’ எண்டலாமோ?

டாக்டர் மீனாட்சி:
நோய்க்கு வேண்டாம் ஐயா. கணையச் செல்களை அழிப்பது டி செல்கள் எனும் வெள்ளணுக்கள், இந்த எதிர்ப்பான்கள் பெரும்பாலும் அழிவு நடப்பதற்குச் சாட்சி மட்டுமே. பரிசோதனைக்கு வேண்டுமானால் ‘தன்னெதிரிச் சோதனை’ நன்றாக இருக்கிறது.

அன்பழகன்:
ஒல்லி, குண்டு என்றதை விட்டுவிடுகிறேன். ‘ஒன்றரை’யை விடமாட்டேன், நோயாளி வாயில் நிற்பது அதுதான்.

செல்வி:
கையேட்டில் ‘மெல்ல முற்றும் தன்னெதிர்ப்பு நீரிழிவு’ என்று போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘லாடா’வையும் பக்கத்தில் வைக்கிறேன், ஆய்வகச் சீட்டில் அப்படித்தானே வரும். ‘ஒன்றரை’யைப் பற்றி முடிவெடுக்கவில்லை. தவராசா ஐயா, இந்தக் கையேடு உங்கள் பக்கமும் வரப்போகிறது, ‘எதிர்ப்பான்’ என்றால் அங்கே புரியுமா?